ரேட் சொல்வதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள், ஐயா!

"சதுர அடிக்கு என்ன ரேட்?"

மொட்டை மாடி ஒழுக ஆரம்பித்தவுடன் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அதையும் போனிலேயே கேட்பார்கள். மறுமுனையில் இருப்பவரும் மாடியைக் கண்ணால் பார்க்காமலே ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். இன்னும் இரண்டு பேரிடம் இதே கேள்வி, இன்னும் இரண்டு எண்கள். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் வைத்து, குறைந்த எண்ணுக்கு வேலையைக் கொடுத்துவிட்டு, "மூணு கொட்டேஷன் வாங்கித்தான் முடிவு பண்ணோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

கட்டடப் பராமரிப்பு வேலையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த மூன்று கொட்டேஷன் சடங்கைப் போல ஊரை ஏமாற்றும் நேர்மையான பழக்கம் வேறொன்று கிடையாது. யாரும் பொய் சொல்வதில்லை, யாரும் லஞ்சம் வாங்குவதில்லை, ஆனாலும் பணம் போய்விடும். ஏனென்றால் அந்த மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கானவை.

விலை சொல்வதற்கு முன், என்ன செய்து தரப்போகிறோம், எதெல்லாம் இதில் சேராது, வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வோம் என்ற மூன்றையும் ஒரே ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். அதைச் செய்யாத காண்டிராக்டர் விலை சொல்லக் கூடாது. அது இல்லாமல் விலை கேட்கும் சங்கத்துக்குப் பிறகு புலம்ப உரிமை கிடையாது. இதுதான் என் வாதம். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரிக் கொட்டேஷன்

தாம்பரம் பக்கம் ஒரு குடியிருப்பு. பன்னிரண்டு வீடுகள், மொட்டை மாடி அறுபதுக்கு நாற்பது அடி, அதாவது 2,400 சதுர அடி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்த பழைய முறைத் தளம். மேல் மாடியில் இரண்டு வீடுகளில் கூரை ஈரமாகிப் பூச்சு உரிந்துகொண்டிருந்தது. சங்கம் மூன்று பேரிடம் விலை வாங்கியது. ஒருவர் சதுர அடிக்கு 45 ரூபாய், அடுத்தவர் 85, மூன்றாமவர் 190.

45 ரூபாய்க்காரர் கொடுத்த தாளில் மொத்தமே ஒரு வரிதான். "மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் வேலை முழுமையாகச் செய்து தர, 2,400 சதுர அடி, ரூ.1,08,000, ஜி.எஸ்.டி. தனி, ஐந்து வருட கியாரண்டி." மற்ற இருவரின் தாளும் ஏறக்குறைய இதேதான், எண் மட்டும் வேறு. சங்கம் 45-க்குக் கொடுத்தது. கோடையில் வேலை முடிந்தது, பார்க்கவும் வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. நவம்பர் மழையில் அதே இரண்டு வீடுகளில் அதே இடத்தில் ஒழுகியது.

சண்டை வந்த பிறகுதான் என்னை வந்து பார்க்கச் சொன்னார்கள். மூன்று பேரிடமும் என்ன செய்வதாக நினைத்து விலை சொன்னீர்கள் என்று கேட்டேன். 45 ரூபாய்க்காரர் தட்டோட்டின் மேலேயே இரண்டு கோட் பூச்சு அடிப்பதாக நினைத்திருக்கிறார், அதைச் சரியாகவே அடித்தும் இருக்கிறார். 85 ரூபாய்க்காரர், பூச்சோடு தட்டோட்டு இணைப்புகளைச் சுரண்டி அடைத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டிப் பூசுவதையும் சேர்த்திருந்தார். 190 ரூபாய்க்காரர் பழைய தளத்தையே பெயர்த்தெடுத்து, கான்கிரீட் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, வாட்டத்தோடு புதுத்தளம் போட்டுத் தட்டோடு பதிப்பதாக நினைத்திருந்தார்.

அந்த மாடியின் உண்மையான நோய் வாட்டம் போனது. பழைய தளம் நடுவில் உள்வாங்கி, மழைநீர்க் குழாய் வாய்க்குத் தண்ணீர் போகாமல் குட்டையாக நின்றது. குட்டையின் மேல் எத்தனை கோட் அடித்தாலும் அது சில மாதத்துக்குத்தான். 45 ரூபாய்க்காரர் சொன்னார்: "சார், பூச்சு அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன். வாட்டம் சரி பண்ணணும்னு யார் சொன்னாங்க?" அவரிடம் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. "முழுமையாக" என்று எழுதியிருக்கிறாரே என்றார் செயலாளர். முழுமையாக என்பது எதை முழுமையாக?

நூறு டன் எண்ணெய்

இது புதிதாக வந்த தொல்லை அல்ல. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்குச் சட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. ஒருவர் இன்னொருவருக்கு "நூறு டன் எண்ணெய்" விற்பதாக ஒப்புக்கொள்கிறார். என்ன எண்ணெய் என்று காட்ட எதுவும் இல்லை. எனவே அது செல்லாது. அங்கேயே உள்ள இன்னொரு உதாரணம் இன்னும் சுவையானது. விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால் அதே ஒப்பந்தம் செல்லும், ஏனென்றால் அவருடைய தொழிலே என்ன எண்ணெய் என்று சொல்லிவிடுகிறது.

நம் காண்டிராக்டர்களும் சங்கங்களும் அந்தத் தேங்காய் எண்ணெய் உதாரணத்தை நம்பித்தான் காலம் தள்ளுகிறார்கள். "வாட்டர்ப்ரூஃபிங்னா என்னன்னு அவருக்குத் தெரியாதா?" தெரியும், ஐயா. ஆனால் மூன்று பேருக்கும் மூன்று விதமாகத் தெரியும். தொழிலின் பெயர் இங்கே எதையும் நிச்சயப்படுத்துவதில்லை. அந்த ஒரு வரிக் கொட்டேஷன் கோர்ட்டில் செல்லுமா செல்லாதா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நவம்பர் மழையில் அது செல்லாது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஒரு பக்கம்

அதே மாடிக்கு என்ன எழுதியிருக்க வேண்டும்? இதோ. இதில் விலையே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

*செய்து தருபவை*

1. பழைய தட்டோட்டையும் அதன் கீழுள்ள செங்கல் ஜல்லித் தளத்தையும் கான்கிரீட் வரை பெயர்த்தெடுத்து, இடிபாடுகளைக் கீழே இறக்கி லாரியில் வெளியேற்றுவது.
2. கான்கிரீட் தளத்தைக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, சுவரோரம் சுற்றிலும் மூலையை உருட்டிப் பூசுவது.
3. தளம் முழுவதும், கைப்பிடிச் சுவரின் உட்புறம் ஒரு அடி உயரம் வரையும், இன்ன பெயருள்ள நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட். அளவு: தளம் 2,400 சதுர அடி, சுவர் 200 சதுர அடி.
4. நடு மேட்டிலிருந்து இரு பக்கமும் நூறுக்கு ஒன்று வாட்டத்தில் புதுத்தளம், அதன் மேல் தட்டோடு, இணைப்பு அடைப்பு.
5. நான்கு மழைநீர்க் குழாய் வாய்களையும் மாற்றி, சுற்றிலும் அடைத்துச் சல்லடை பொருத்துவது.

*இதில் சேராதவை*

1. கைப்பிடிச் சுவரின் வெளிப்புற வெடிப்பு, பெயிண்ட்.
2. மேல்நிலைத் தொட்டியின் கசிவும் மாடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களும்.
3. சோலார் ஹீட்டர், ஏ.சி. வெளிப்பெட்டி, டிஷ் ஆகியவற்றைக் கழற்றி மாட்டுவது.
4. கீழ் வீடுகளின் கூரைப் பூச்சும் பெயிண்டும்.
5. கான்கிரீட்டில் துருவேறிய கம்பி தெரிந்தால் அதன் ரிப்பேர். இதற்குச் சதுர அடி ரேட் தனியே தரப்படும். ஐம்பது சதுர அடியைத் தாண்டினால் வேலையை நிறுத்திச் சங்கத்தைக் கேட்ட பிறகே தொடரப்படும்.
6. வேலைக்கும் சோதனைக்கும் தண்ணீர், மின்சாரம். இவை சங்கத்தின் பொறுப்பு.

*வேலை முடிந்ததற்கு அடையாளம்*

1. தட்டோடு பதிப்பதற்கு முன், பூச்சின் மேல் ஒரு அங்குலம் தண்ணீர் 48 மணி நேரம் கட்டி நிறுத்தி, கீழே புது ஈரம் வராமல் இருப்பது.
2. தட்டோடு முடிந்த பிறகு, மேட்டிலும் ஒரு அங்குலம் நிற்கும்படி மறுபடியும் 48 மணி நேரச் சோதனை.
3. தண்ணீரைத் திறந்துவிட்டு அரை மணி கழித்து எங்கும் குட்டை நிற்காதது.
4. கட்டையால் தட்டினால் தட்டோடுகளில் பொள்ளல் சத்தம் கேட்காதது. கேட்டால் அந்த ஓடு மாற்றப்படும்.

அவ்வளவுதான். கீழே இரு தரப்பும் கையெழுத்துப் போட இடம். கொஞ்சம் சிறிய எழுத்தில் அச்சடித்தால் ஒரு பக்கத்தில் அடங்கும்.

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு பழைய சண்டை

இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் நான் அழகுக்குச் சேர்க்கவில்லை. முதல் வரியில் "இடிபாடுகளை வெளியேற்றுவது" என்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். சராசரி நான்கு அங்குலக் கனம் என்று வைத்தால் 2,400 சதுர அடியில் 800 கன அடி, நம் ஊர்க் கணக்கில் எட்டு யூனிட். எடை நாற்பது டன் வரும். உடைத்தால் உப்பிப் பத்து யூனிட்டுக்கு மேல் போகும், நான்கைந்து லாரி லோடு. மூன்று மாடி இறக்கக் கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்தால் அது சில்லறைச் செலவு அல்ல. அந்த ஒரு வார்த்தை இல்லாததால் இடிபாட்டு மூட்டைகள் கார் நிறுத்துமிடத்தில் மாதக்கணக்கில் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். "அது உங்க ரப்பிஷ்தானே சார்" என்பார் காண்டிராக்டர்.

மூன்றாவது வரியில் உள்ள 200 சதுர அடியும் அப்படித்தான். மாடியின் சுற்றளவு 200 அடி. சுவரில் ஒரு அடி ஏற்றினால் 200 சதுர அடி கூடும். எழுதாமல் விட்டால், 2,400-க்குப் பேசிய வேலைக்கு 2,600-க்குப் பில் வரும். கொடுத்தால் பொருளாளரைச் சந்தேகிப்பார்கள். கொடுக்காவிட்டால் காண்டிராக்டர் சுவரில் அடிக்காமலே விட்டுவிடுவார். தண்ணீர் பெரும்பாலும் இறங்குவதே அந்த மூலையில்தான்.

சோதனை ஏன் இரண்டு முறை என்று கேட்பீர்கள். தண்ணீரைத் தடுப்பது கான்கிரீட் மேல் அடித்த பூச்சு. அதன் மேல் தளமும் தட்டோடும் போட்டு மூடிய பிறகு கசிந்தால், ஓட்டை எங்கே என்று தெரியாமல் மறுபடியும் உடைக்க வேண்டும். பூச்சு வெளியில் தெரியும்போதே சோதித்தால் விட்டுப்போன இடத்தில் பிரஷ்ஷை எடுத்து அடித்துவிடலாம். முதல் சோதனையைத் தவிர்க்கிற காண்டிராக்டர் மிச்சப்படுத்துவது இரண்டு மூன்று நாள்தான். அதற்காகப் பணயம் வைப்பது மொத்த வேலையையும்.

தண்ணீரின் அளவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசி நேரத்தில் "அவ்வளவு தண்ணிக்கு எங்க போறது?" என்று சோதனையைக் கைவிடுவார்கள். ஒரு அங்குலம் என்றால் 2,400 சதுர அடிக்கு 200 கன அடி, சுமார் 5,700 லிட்டர். இரண்டாவது சோதனைக்கு இன்னும் கூடுதல். நடு மேட்டிலிருந்து ஓரம் இருபது அடி, நூறுக்கு ஒன்று வாட்டம் என்றால் ஓரம் இரண்டரை அங்குலம் தாழ்ந்திருக்கும். மேட்டில் ஒரு அங்குலம் நிற்க வேண்டுமானால் ஓரத்தில் மூன்றரை அங்குலம் நிற்கும். சுமார் 12,000 லிட்டர், ஒரு பெரிய டேங்கர் லாரி. இந்தச் செலவு யாருடையது என்று முன்பே எழுதியிருந்தால் பேச்சே இல்லை. அதனால்தான் "சேராதவை" பட்டியலில் ஆறாவது வரி.

இன்னொரு சங்கதி. "கீழே புது ஈரம் வராமல்" என்று எழுதினால், பழைய ஈரம் எது என்று முதலில் தெரிய வேண்டாமா? வேலை தொடங்கும் முன்பே மேல் வீடுகளின் கூரையில் உள்ள ஒவ்வொரு ஈரக் கறையின் ஓரத்தையும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்துவிட வேண்டும். நனைந்த கான்கிரீட் காய வாரக்கணக்கில் ஆகும். கறை உடனே மறையாது. கோட்டைத் தாண்டினால் கசிவு, தாண்டாவிட்டால் பழசு. பென்சில் கோடு இல்லாத வீட்டில் வீட்டுக்காரர் "இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்பார், காண்டிராக்டர் "அது பழசு" என்பார், இருவரும் உண்மையே பேசுவார்கள்.

கியாரண்டி என்னும் இனிப்பு

"அதான் ஐந்து வருட கியாரண்டி இருக்கே" என்று சமாதானம் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கியாரண்டி என்பது நாளைக்கு ஒழுகினால் வருவேன் என்ற வாக்கு. வேலை இன்று சரியாக முடிந்ததா என்பதற்கு அது பதில் ஆகாது. அதோடு, எது ஒழுகினால் வருவார்? பூச்சு உரிந்தால் வருவாரா, வாட்டம் போய்க் குட்டை நின்றால் வருவாரா, கைப்பிடிச் சுவர் வெடிப்பு வழியாக இறங்கினால் வருவாரா? செய்து தருபவை பட்டியல் இல்லாத கியாரண்டி, அட்ரஸ் இல்லாத கல்யாணப் பத்திரிகை. அந்தத் தாம்பரம் வேலைக்கும் ஐந்து வருட கியாரண்டி இருந்தது. அவர் வந்தார். பூச்சைப் பார்த்தார், "பூச்சு நல்லா இருக்கே" என்றார், போய்விட்டார்.

கியாரண்டியைவிட உறுதியானது பணத்தைப் பிடித்து வைப்பது. சோதனையில் தேறியவுடன் தொண்ணூறு சதவீதம் வரை கொடுத்துவிடுங்கள், தயங்காதீர்கள். மீதிப் பத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்தபின், அதாவது டிசம்பர் முடிந்து, கொடுப்பதாக எழுதுங்கள். ஆனால் இதுவும் அந்தப் பக்கம் இருந்தால்தான் நியாயம். அடையாளம் எதுவும் எழுதாமல் பத்து சதவீதத்தைப் பிடிப்பது, எப்போது திருப்தி வருகிறதோ அப்போது தருவேன் என்று ஒரு உழைப்பாளியைத் தொங்கவிடுவது. நம் சங்கங்கள் இதையும் நிறையச் செய்கின்றன. அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஏன் விலைக்கு முன்னால்?

வேலை கிடைத்த பிறகு விவரமாக எழுதிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். அங்கேதான் வம்பு. ஒரு எண்ணை வாயால் சொல்லிவிட்டால் அதன்பிறகு பேச்செல்லாம் எண்ணைப் பற்றித்தான். "இரண்டு லட்சத்தில் முடிச்சுக் கொடுங்க" என்பார்கள், அவரும் சரி என்பார். அந்த இரண்டு லட்சத்துக்குள் அடங்க எதை விடுவது என்று அவர் தனியாக, மனசுக்குள் முடிவு செய்வார். முதலில் போவது கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது கோட். அடுத்தது மூலை. அடுத்தது முதல் சோதனை.

பக்கம் முதலில் இருந்தால் பேரமே வேறு மாதிரி நடக்கும். பணம் பத்தவில்லையா? "செய்து தருபவை"யிலிருந்து ஒரு வரியை எல்லோர் முன்னிலையிலும் அடித்து, "சேராதவை"க்கு மாற்றுங்கள். குழாய் வாயை இந்த வருடம் மாற்றவில்லை என்று தெரிந்தே முடிவு செய்யலாம். அது ஏமாற்றம் அல்ல, தேர்வு.

"சேராதவை"க்கு இது இன்னும் பொருந்தும். சோலார் ஹீட்டரைக் கழற்றி மாட்டுவது என் வேலை அல்ல என்று முதல் நாளே எழுதினால் அவர் விவரம் தெரிந்தவர். அட்வான்ஸ் வாங்கிய பத்தாம் நாள் சொன்னால் பிடுங்குகிறவர். வார்த்தை ஒன்றுதான். விலைக்கு முன் சொன்னால் விவரம், விலைக்குப் பின் சொன்னால் சால்ஜாப்பு.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

காண்டிராக்டர்கள் முதலில் சொல்வது: "நான் மெனக்கெட்டு எழுதிக் கொடுப்பேன், அதைக் காட்டியே வேறொருத்தர்கிட்ட ரேட் குறைச்சு வாங்குவாங்க." உண்மைதான், நம் சங்கங்கள் அப்படிச் செய்கின்றன, அது அநியாயமும்கூட. அதற்கு மருந்து எழுதாமல் இருப்பது அல்ல. இடத்தைப் பார்த்து, அளந்து, எழுதித் தரக் கட்டணம் வாங்குங்கள். வேலை கிடைத்தால் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். டாக்டர் பார்ப்பதற்குக் கட்டணம் கொடுக்கும் நாம் இதற்கும் கொடுக்கலாம். கொடுத்த பிறகு அந்தப் பக்கம் சங்கத்தின் சொத்து. அதே பக்கத்தை மூன்று பேரிடமும் கொடுத்து விலை கேளுங்கள். அப்போதுதான் அது மூன்று கொட்டேஷன்.

அடுத்தது: "உடைச்சுப் பார்க்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படி எழுத முடியும்?" இது நியாயமான கேள்வி, மற்ற சாக்குகளோடு சேர்க்கக் கூடாது. உள்ளே இருப்பதை யாராலும் எழுத முடியாது. ஆனால் தெரியாதது எது என்பதை எழுதலாம். துருவேறிய கம்பிக்கு நான் எழுதிய ஐந்தாவது வரி அதற்குத்தான். அளவு தெரியாது, ரேட் தெரியும், எந்த இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

சங்கத்துக்காரர்கள் சொல்வது: "அவர் நமக்கு இருபது வருஷப் பழக்கம், எழுதிக் கேட்டா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிடாதா?" ஐயா, பழக்கம் இருப்பது உங்களுக்கும் அவருக்கும். மாடியில் கரண்டி பிடிப்பது அவரல்ல, அவர் அனுப்பும் மேஸ்திரி. அந்த மேஸ்திரி உங்கள் கொட்டேஷனை ஒரு நாளும் பார்த்ததில்லை. "மாடிக்குப் போய் வேலையை ஆரம்பிங்க" என்பதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே உத்தரவு. அதனால்தான் அந்தப் பக்கம் தமிழில் இருக்க வேண்டும் என்கிறேன். மாடிப்படிக் கதவில் ஒட்டி வையுங்கள். சுவரில் ஒரு அடி ஏற்ற வேண்டும் என்று மேஸ்திரி படித்தால் ஏற்றுவார். ஆங்கிலத்தில் இருபது பக்க ஒப்பந்தம் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் யார் படிப்பார்கள்? ஒரு பக்கம் என்பதற்கு வேறு ரகசியம் கிடையாது, படிக்கப்படுவது அவ்வளவுதான்.

எழுதும்போது சில வார்த்தைகளைத் தயவுசெய்து தடை செய்யுங்கள். "முழுமையாக", "தரமான", "தேவையான இடங்களில்", "முதலியன". இவற்றில் எதையும் டேப் வைத்து அளக்க முடியாது. தேவையான இடம் என்று அவர் நினைப்பதும் நீங்கள் நினைப்பதும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் நுகர்வோர் கோர்ட்தான். அந்த வார்த்தை வரும் இடத்தில் ஒரு அளவு, ஒரு எண்ணிக்கை அல்லது ஒரு பெயரைப் போடுங்கள். போட முடியவில்லை என்றால் அந்த வேலை என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை, எனவே விலை சொல்லும் நேரமும் வரவில்லை.

சங்கங்களில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள். ஆபீசில் ஒரு பென்சில் வாங்க மூன்று கையெழுத்து கேட்டவர்கள், ஊரார் பணம் நாலு லட்சத்துக்கு ஒரு வரித் தாளை ஏற்றுக்கொள்வது எனக்கு விளங்கவே இல்லை. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் மாடிக்கு யாராவது "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஆரம்பித்தால், மரியாதையாக நிறுத்தி, "எண் அப்புறம் சொல்லுங்க, முதல்ல மாடிக்கு வாங்க, அளந்து எழுதுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவர் யார், போனை வைத்துவிடுகிறவர் யார் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.